λ எண்டா என்ன சேர்? மீனுக்கும் தயிருக்கும் ஒதுக்கிய 6,000 ரூபாவில் கிளம்பிய கேள்விகள்

திருகோணமலையில் பல்கலைக்கழக முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாதீட்டுக்குள் திருப்தியை உச்சமாக்கும் பாடம் வரும்போதெல்லாம் கைப்பேசிக்கு வரும் கேள்விகள் வருடா வருடம் ஒன்றேதான், கேட்கும் பிள்ளைகள்தான் மாறுகிறார்கள். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, விடைகளையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே வீடுதான் உதாரணம். மாதம் 6,000 ரூபாவை மீனுக்கும் எருமைத்தயிருக்கும் என்று ஒதுக்கி வைக்கும் வீடு. மீன் கிலோ 1,000 ரூபா, தயிர் சட்டி 500 ரூபா. கணக்கு முழு எண்ணில் வரவேண்டும் என்பதற்காக நானே வைத்த விலைகள் இவை. "இந்த விலைக்கு மீன் எந்தக் கடையில சேர்?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் கீழே விடை இல்லை.

சேர், கணக்கில மீனும் தயிரும் காசும்தானே இருக்கு. இந்த λ எங்கயிருந்து வந்தது?

6,000 ரூபா என்ற எல்லையை ஒரு நிமிடம் எடுத்துவிடுங்கள். அந்த வீட்டு அம்மா எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் அவருடைய திருப்தியிலிருந்து ஒரு சிறு அளவு தண்டமாக வெட்டப்படும். தண்டம் மிகக் குறைவென்றால் அள்ளி வாங்குவார், மிக அதிகமென்றால் கையைச் சுருக்குவார். யாரும் தடுக்காமல் அவர் தானாகவே சரியாக 6,000 ரூபாவில் நிற்கும்படி செய்யும் தண்டம் ஒன்று இருக்கும். அந்த அளவுக்குத்தான் λ என்று பெயர்.

இலக்கம் வைத்துப் பார்ப்போம். x கிலோ மீனும் y சட்டி தயிரும் தரும் திருப்தி U = 2 ln x + ln y என்று வைத்துக்கொள்வோம் (ln என்பது இயற்கை மடக்கை). இன்னும் கொஞ்சம் மீன் சேர்த்தால் கிலோவுக்கு எத்தனை அலகு திருப்தி கூடும் என்பதுதான் மீனின் எல்லைப் பயன்பாடு. இங்கே அது 2/x. தயிருக்கு அது 1/y. வாங்க வாங்க இரண்டும் இறங்கும். ஒரு கிலோ மீனுக்குத் தண்டம் 1,000λ, ஆகவே 2/x அந்த அளவுக்கு இறங்கும்வரை அம்மா வாங்குவார். தயிரும் அப்படியே.

தண்டத்தை ரூபாவுக்கு 0.001 என்று வைத்தால் 2 கிலோ மீனும் 2 சட்டி தயிரும் வாங்குவார். செலவு 3,000 ரூபா, பாதிக்காசு மிஞ்சிவிடும். 0.00025 என்று இறக்கினால் 8 கிலோவும் 8 சட்டியும், செலவு 12,000 ரூபா. 0.0005 என்று வைத்தால் 4 கிலோ, 4 சட்டி, சரியாக 6,000 ரூபா. λ வெளியிலிருந்து கொண்டுவந்து நுழைத்த எழுத்து அல்ல. பாதீட்டின் இறுக்கத்தைத் திருப்தியின் அலகில் சொல்லும் ஒரு விலை அது.

அதைப் பரீட்சையில எப்படி எழுதுறது? தண்டம் எண்டு எழுதினா புள்ளி போடுவினமோ?

போடமாட்டார்கள். திருப்தியையும் பாதீட்டையும் L என்ற ஒரே சார்பில் சேர்த்து இப்படி எழுதுங்கள்:

```
L = 2 ln x + ln y + λ(6000 − 1000x − 500y)

2/x = 1000λ
1/y = 500λ
1000x + 500y = 6000
```

முதல் இரண்டு வரிகளும் L ஐ x, y ஆகியவற்றால் பகுதி வகையீடு செய்து பூச்சியத்துக்குச் சமப்படுத்தியதால் வந்தவை. மூன்றாவது λ ஆல் வகையிட்டது, அதாவது பாதீடே திரும்பி வந்திருக்கிறது. முதல் வரியிலிருந்து மீன் செலவு 1000x = 2/λ. இரண்டாவதிலிருந்து தயிர்ச் செலவு 500y = 1/λ. கூட்டினால் 3/λ = 6000. λ = 0.0005, x = 4, y = 4. மேலே தட்டித்தடவிக் கண்டுபிடித்த அதே இலக்கங்கள்.

பிள்ளைகள் அநேகமாக λ ஐ முதலில் ஒழித்துவிட்டு x, y ஐ மட்டும் கண்டுபிடித்து நிறுத்திவிடுகிறார்கள். விடை சரிதான், ஆனால் அதற்குப் பிறகு வரும் கேள்விகள் எல்லாமே λ ஐப் பற்றியவை. அதைத் தூக்கி எறியாதீர்கள்.

ரெண்டு பக்கமும் ரூபாவுக்கு ஒரே அளவு வரவேணும் எண்டு சொல்றீங்கள். ஏன் வரவேணும்? மீன்தான் கூட விருப்பம் எண்டா மீனிலயே போடலாம்தானே?

போட்டுப் பார்ப்போம். 5 கிலோ மீன், 2 சட்டி தயிர். இதுவும் 6,000 ரூபாதான். இப்போது மீனின் எல்லைப் பயன்பாடு 2/5 = 0.4. அதை 1,000 ரூபாவால் வகுத்தால் ரூபாவுக்கு 0.0004. தயிரின் எல்லைப் பயன்பாடு 1/2 = 0.5, ரூபாவுக்கு 0.001. மீனில் போட்ட கடைசி ரூபா 0.0004 தருகிறது, தயிருக்குப் போகும் அடுத்த ரூபா 0.001 தரும். இரண்டரை மடங்கு. இப்படி இருக்கும்போது மீன்காரரிடம் அந்த ரூபாவைக் கொடுப்பது நட்டம்.

அரைக்கிலோ மீனைக் குறைத்து அந்த 500 ரூபாவுக்கு ஒரு சட்டி தயிர் வாங்கட்டும். இப்போது 4.5 கிலோ, 3 சட்டி. ரூபாவுக்கு மீன் 0.00044, தயிர் 0.00067. இடைவெளி சுருங்கிவிட்டது, ஆனாலும் தயிர்தான் மேலே. இன்னொரு 500 ரூபாவை மாற்றினால் 4 கிலோ, 4 சட்டி, இரண்டும் 0.0005. இன்னும் ஒரு தடவை மாற்றினால் (3.5 கிலோ, 5 சட்டி) தராசு மறுபக்கம் சாயும். மொத்தத் திருப்தியைக் கணித்தால் இந்த நான்கு நிலைகளுக்கும் 3.91, 4.11, 4.16, 4.11 என்று வரும். ஏறிய திருப்தி சமநிலையைத் தாண்டியதும் இறங்குகிறது.

மீனில் விருப்பம் கூட என்பது தொலைந்துபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். 4,000 ரூபா மீனுக்கும் 2,000 ரூபா தயிருக்கும் போயிருக்கிறது. விருப்பம் எவ்வளவு வாங்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. சமமாவது கடைசி ரூபாவின் பயன் மட்டும். இந்த விதியை ஜெர்மன்காரரான கோசன் 1854 இலேயே எழுதிவிட்டார். அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

MUx = MUy எண்டு எழுதினன், சேர் பிழை போட்டுட்டார்.

விலை எங்கே? 4 கிலோ, 4 சட்டியில் மீனின் எல்லைப் பயன்பாடு 0.5, தயிரினது 0.25. சமமில்லை, சமமாக இருக்கவும் கூடாது, ஏனெனில் ஒரு கிலோ மீன் இரண்டு சட்டி தயிரின் விலை. விலையால் வகுத்த பிறகே ஒப்பிடலாம். இரண்டு விலையும் ஒன்றென்றால் மட்டும் உங்கள் வரி தற்செயலாகச் சரிவரும்.

0.0005 எண்டது இவ்வளவு சின்ன இலக்கம். அதை வச்சு என்ன செய்யிறது?

பாதீட்டில் ஒரு ரூபா கூடினால் அடையக்கூடிய உச்சத் திருப்தி 0.0005 அலகு கூடும் என்று படியுங்கள். 100 ரூபா கூடினால் 0.05. சோதித்துப் பார்க்கலாம். 6,100 ரூபாவை அதே முறையில் பங்கிட்டுக் கணித்தால் உண்மையான கூடுதல் 0.0496. கிட்டத்தட்ட சரி. கூடிய ரூபாவை மீனில் போட்டாலென்ன, தயிரில் போட்டாலென்ன என்று கவலைப்படவே தேவையில்லை. முந்திய விடையில் பார்த்தபடி சமநிலையில் இரண்டு இடத்திலும் அது ஒரே பயனைத்தான் தருகிறது. ஒரே ஒரு λ போதுமாக இருப்பது அதனால்தான்.

ஆனால் λ நிற்கும் இடத்துக்கு மட்டுமே உரியது. 3,000 ரூபா கூடினால் 1.5 அலகு கூடும் என்று பெருக்கிச் சொன்னால் பிழை. உண்மையில் கூடுவது 1.22 தான். இந்த வீட்டுக்கு λ = 3/M (M என்பது பாதீடு), ஆகவே 6,000 இலிருந்து 9,000 க்கு ஏறும் வழியிலேயே λ 0.0005 இலிருந்து 0.00033 க்கு இறங்கிவிடுகிறது. சிறிய மாற்றங்களுக்கு λ ஐப் பெருக்கலாம், பெரிய மாற்றங்களுக்குத் திரும்பக் கணியுங்கள்.

இலக்கம் சின்னதாக இருப்பதற்கும் அர்த்தம் எதுவும் இல்லை. பாதீட்டை ஆயிரம் ரூபாவில் எழுதினால் (6 என்று) λ 0.5 ஆகிவிடும், சதத்தில் எழுதினால் 0.000005. λ இன் அலகு "ரூபாவுக்குத் திருப்தி" என்பதை விடையில் எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் வராது.

எனக்கு λ = −0.0005 வந்தது. காசு கூடினா திருப்தி குறையுமா?

குறையாது. அடைப்புக்குள் பாதீட்டைத் திருப்பிப்போட்டு, + λ(1000x + 500y − 6000) என்று எழுதியிருப்பீர்கள். x, y மாறாது, குறி மட்டும் மாறும். "உள்ள காசு கழித்தல் செலவு" என்ற ஒழுங்கில் எழுதி, முன்னால் கூட்டல் குறி போட்டால் λ நேரடியாக நேர்க்குறியில் வரும்.

மார்கழியில கடல் கொந்தளிச்சு மீன் விலை ஏறுது. அப்ப ஒரு ரூபாவுக்குக் கிடைக்கிற மீன் குறைஞ்சு போச்சு. λ உம் குறையத்தானே வேணும்?

எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். நானும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் எழுதினேன். மீன் 1,600 ரூபா ஆனதாக வைத்துக் கணியுங்கள். மீனுக்கு அதே 4,000 ரூபா போகும், ஆனால் 2.5 கிலோதான் வரும். 2.5 கிலோவில் எல்லைப் பயன்பாடு 2/2.5 = 0.8. அதை 1,600 ஆல் வகுத்தால் 0.0005. λ அசையவே இல்லை!

நடந்தது இரண்டு விடயங்கள். ஒரு ரூபாவுக்கு வரும் மீன் குறைந்தது உண்மை. மீன் குறைந்ததால் ஒவ்வொரு துண்டின் அருமையும் கூடியது என்பதும் உண்மை. இந்த வீட்டின் திருப்திச் சார்பில் இரண்டும் ஒன்றையொன்று சரியாக வெட்டிவிடுகின்றன. இது மடக்கைச் சார்பின் குணம், எல்லாச் சார்புக்கும் பொருந்தாது. வேறு சார்பில் λ கூடலாம் அல்லது குறையலாம்.

λ மாறவில்லை என்றால் வீட்டுக்கு நட்டமில்லை என்று அர்த்தமில்லை. λ சொல்வது அடுத்த ரூபாவின் பயனை, மொத்தத் திருப்தியை அல்ல. நட்டத்தை அளக்கவும் λ தான் உதவும். மீன் விலை கிலோவுக்கு 10 ரூபா ஏறினால், 4 கிலோ வாங்கும் வீட்டுக்கு அது 40 ரூபாவைப் பறிகொடுத்ததற்குச் சமம், ஆகவே திருப்தி ஏறத்தாழ 40 × 0.0005 = 0.02 குறையும். நேரடியாகக் கணித்தால் 0.0199. விலை ஏறியதும் வீடு மீனைக் குறைத்துச் சமாளிக்குமே, அதைச் சேர்க்கவேண்டாமா என்று கேட்பீர்கள். சிறிய விலை மாற்றத்துக்குத் தேவையில்லை. மீனிலிருந்து தயிருக்குக் காசை மாற்றுவதால் வரும் லாபம் சமநிலைக்குப் பக்கத்தில் ஏறத்தாழப் பூச்சியம், மேலே 4.11, 4.16, 4.11 என்று உச்சி தட்டையாகப் போனதைப் போல.

தயிரை முக்கால் சட்டி, கால் சட்டி எண்டு வாங்கேலாதே. அப்ப இந்தச் சமன் எல்லாம் எப்படிச் சரிவரும்?

சரிவராது, ஏறத்தாழத்தான் வரும். பாதீடு 6,500 ரூபா என்று வையுங்கள். சூத்திரம் 4.33 கிலோ, 4.33 சட்டி என்று சொல்லும். சட்டியை உடைக்க முடியாததால் இரண்டு வழிதான்: 4 சட்டியும் 4.5 கிலோவும் (திருப்தி 4.394), அல்லது 5 சட்டியும் 4 கிலோவும் (4.382). முதலாவது சிறந்தது. ஆனால் அங்கே ரூபாவுக்கு மீன் 0.00044, தயிர் 0.0005, சமமில்லை. தயிர் மேலே இருந்தாலும் இன்னொரு முழுச் சட்டிக்கு மாறினால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். ஆகவே முழு எண்ணில் மட்டும் வாங்கும் பொருளுக்குச் சூத்திரம் தரும் இடத்தின் இரண்டு பக்கத்தையும் கணித்து ஒப்பிடுங்கள். சமன்பாடு அயலைக் காட்டும், வாசற்படியைக் காட்டாது.

எங்கட வீட்டில நண்டு வாங்குறதே இல்லை. வாங்காத சாமானுக்கும் λ சமமா இருக்கவேணுமோ?

இருக்கத் தேவையில்லை. வாங்காத பொருளுக்கு நிபந்தனை வேறு: அதன் முதல் துளி கூட ரூபாவுக்கு λ ஐவிடக் கூடத் தரக்கூடாது, அவ்வளவுதான்.

நண்டு கிலோ 2,500 ரூபா என்றும், z கிலோ நண்டு ln(1 + z) அளவு திருப்தியைச் சேர்க்கும் என்றும் வைப்போம். ஒன்றுமே வாங்காத நிலையில் நண்டின் எல்லைப் பயன்பாடு 1, ரூபாவுக்கு 0.0004. மீனும் தயிரும் 0.0005 தந்துகொண்டிருக்கும்போது நண்டுப் பக்கம் போக ஒரு காரணமும் இல்லை. நண்டு பிடிக்காது என்பதல்ல, அந்த விலைக்கு இப்போது இல்லை என்பதுதான்.

எப்போது வாங்கத் தொடங்குவார்கள் என்பதையும் λ சொல்லிவிடுகிறது. பாதீடு 7,500 ரூபாவைத் தொடும்போது λ 0.0004 க்கு இறங்கும். அதைத் தாண்டும் முதல் ரூபாவிலிருந்து நண்டுக்குக் கொஞ்சம் போகும். அல்லது பாதீடு 6,000 இலேயே நிற்க, நண்டு விலை 2,000 ரூபாவுக்குக் கீழே இறங்கினாலும் வாங்குவார்கள், ஏனெனில் 1/2000 = 0.0005. கணக்கில் இதைக் கவனிக்காமல் மூன்று பொருளுக்கும் சமன் எழுதித் தீர்த்தால் 6,000 ரூபாவில் z = −0.15 என்று வரும். எதிர்க்குறியில் நண்டு வந்தால் பயப்படவேண்டாம். அதைப் பூச்சியமாக்கிவிட்டு மீதி இரண்டையும் திரும்பத் தீருங்கள்.

அம்மா காசைக் கவர் கவராப் பிரிச்சு வைப்பா. மீனுக்கு ஒண்டு, பஸ்சுக்கும் போனுக்கும் ஒண்டு. அப்ப ஒவ்வொரு கவருக்கும் ஒவ்வொரு λ வா?

ஆமாம், அதைத்தான் பார்க்கவும் வேண்டும். மீன், தயிர்க் கவரில் 6,000 ரூபா, λ 0.0005. பஸ், போன் கவரில் 2,000 ரூபா, அது தரும் திருப்தி 2 ln(அந்தக் கவரின் காசு) என்று வைத்தால் அதன் λ = 2/2000 = 0.001. ஒவ்வொரு கவருக்குள்ளும் காசு மிகச் சரியாகப் பங்கிடப்பட்டிருக்கலாம். ஆனாலும் வீடு உச்சத்தில் இல்லை, ஏனெனில் இரண்டாம் கவரின் ரூபா இருமடங்கு பயன் தருகிறது. இது 5 கிலோ, 2 சட்டிக் கணக்கின் அதே சிக்கல், பொருளுக்குப் பதில் கவர்.

மொத்தம் 8,000 ரூபாவை ஒன்றாகப் பார்த்தால் λ = 5/8000 = 0.000625. மீன் கவருக்கு 4,800, பஸ் கவருக்கு 3,200. அதாவது 1,200 ரூபா இடம் மாறவேண்டும். வீட்டில் இதை யாரும் மடக்கை போட்டுக் கணிப்பதில்லை. ஆனால் மாதக் கடைசியில் ஒரு கவரிலிருந்து மற்றதுக்கு "பிறகு தாறன்" என்று கடன் வாங்குவது எப்போதும் ஒரே திசையில் நடந்தால், கடன் வாங்கும் கவரின் λ தான் கூட. பிரித்த அளவை மாற்றவேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

அந்தக் கவரைத் தொடக்கூடாது என்று ஒரு காரணத்தோடுதான் அம்மா பிரித்திருப்பார் என்பதையும் மறக்கவேண்டாம். கையில் கிடைத்தால் செலவழிந்துவிடும் என்ற பயம் U இல் எழுதப்படவில்லை.

சமன்பாட்டைத் தீர்த்து λ வந்தா அது உச்சம்தான் எண்டு நம்பலாமோ?

நம்பமுடியாது. U = x² + y² என்று ஒரு சார்பை எடுத்து, அதே விலைகள், அதே 6,000 ரூபாவில் தீர்த்துப் பாருங்கள். x = 4.8, y = 2.4 என்று வரும், ரூபாவுக்குப் பயன் இரண்டிலும் 0.0096, எல்லாம் அழகாகச் சமம். திருப்தி 28.8. ஆனால் எல்லாக் காசையும் மீனில் போட்டால் 36, எல்லாவற்றையும் தயிரில் போட்டால் 144. சமன்பாடு கண்டுபிடித்தது மிகக் குறைந்த இடத்தை!

இங்கே வாங்க வாங்க எல்லைப் பயன்பாடு ஏறுகிறது. ஒரு ரூபாவை எந்தப் பக்கம் மாற்றினாலும் மாற்றிய பக்கம் இன்னும் இனிக்கும், ஆகவே மாற்றிக்கொண்டே போகவேண்டியதுதான். நொதுமல் வளையிகள் மூலத்தை நோக்கிக் குவிந்திருக்கவேண்டும் என்று பாடத்தில் ஒரு வரி வருமே, அது இதற்காகத்தான். சந்தேகம் வந்தால் இரண்டு மூலைகளையும் பிரதியிட்டு ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை.

வேற நோட்ஸில இதே கணக்கு U = x²y எண்டு இருக்கு. விடையும் 4, 4 தான். ஆனா λ 0.032 வருது. எது சரி?

இரண்டும் சரி. x²y இன் மடக்கையை எடுத்தால் 2 ln x + ln y தான் வரும். எந்தக் கூடை எதைவிட நல்லது என்ற வரிசை இரண்டிலும் ஒன்றே, ஆகவே வீடு வாங்குவதும் ஒன்றே. ஒரே காய்ச்சலைச் செல்சியஸிலும் பரனைட்டிலும் அளப்பதுபோல என்று சொல்லலாம், ஆனால் இங்கே வித்தியாசம் அதைவிடப் பெரியது, ஏனெனில் அளவுகோலே வளைகிறது. x²y இல் மீனின் எல்லைப் பயன்பாடு 2xy = 32, ரூபாவுக்கு 0.032. தயிரினது x² = 16, ரூபாவுக்கு அதுவும் 0.032.

சிக்கல் இனித்தான். பாதீட்டை 12,000 ஆக்குங்கள். முதல் சார்பில் λ பாதியாகி 0.00025 ஆகும். இரண்டாவதில் x = 8, y = 8, λ = 0.128, அதாவது நான்கு மடங்காகும். ஒன்று "காசு கூடக் கூட அடுத்த ரூபாவின் அருமை குறையும்" என்கிறது, மற்றது கூடும் என்கிறது. கடையில் இரண்டு வீட்டையும் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது: அதே மீன், அதே தயிர். ஆகவே சந்தையில் வாங்குவதை மட்டும் வைத்து λ ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லவே முடியாது.

எது மாறாது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லைப் பயன்பாடுகளின் விகிதம் இரண்டிலும் 2:1, விலை விகிதமும் அதுவே. மீன் விலை 10 ரூபா ஏறினால் 40 ரூபா இழந்ததற்குச் சமம் என்றோமே, அதுவும் மாறாது. x²y இல் நட்டம் ஏறத்தாழ 1.28 அலகு, அதை 0.032 ஆல் வகுத்தால் அதே 40 ரூபா. λ ஐக் கொண்டு வகுத்து ரூபாவுக்கு மாற்றிய விடைகள் அளவுகோலைத் தாண்டி நிற்கும். λ தனியாக நிற்காது.

அப்ப ஏழை வீட்டில λ கூட, பணக்கார வீட்டில குறைய, ஆனபடியா அங்கயிருந்து எடுத்து இங்க குடுக்கவேணும் எண்டு சொல்லலாமோ?

மடக்கைச் சார்பை இருவருக்கும் வைத்தால், 6,000 ரூபா வீட்டின் λ 0.0005, 60,000 ரூபா வீட்டின் λ 0.00005. 100 ரூபாவை இடம் மாற்றினால் ஒரு பக்கம் 0.005 குறைந்து மறுபக்கம் ஏறத்தாழ 0.05 கூடும். வாதம் கவர்ச்சியானது, பலருக்கு நியாயமாகவும் படும், எனக்கும் படும். ஆனால் அதை λ நிரூபித்துவிட்டது என்று எழுதாதீர்கள். முந்திய விடையில் ஒரே வீட்டுக்கே இரண்டு அளவுகோல் இருந்தது, x²y ஐ வைத்தால் இதே வாதம் தலைகீழாகும். இரண்டு வீட்டின் திருப்தியை ஒரே கோலால் அளக்கலாம் என்பது தனியான ஒரு முடிவு, அதற்குச் சந்தையில் ஆதாரமில்லை என்று பொருளியலாளர் லயனல் ராபின்ஸ் 1932 இலேயே சொன்னார்.

பரீட்சையில் கேட்டால் இப்படி எழுதுங்கள்: இருவரின் திருப்தியையும் ஒப்பிடலாம், இருவருக்கும் ஒரே மடக்கைச் சார்பு என்று எடுத்தால், மாற்றுவது மொத்தத் திருப்தியைக் கூட்டும். எடுகோள் இரண்டையும் முதலில் எழுதிவிட்டு முடிவை எழுதினால் யாரும் புள்ளி வெட்டமாட்டார்கள்.